லாரி விபத்துக் காணொளி: எச்சரிக்கையை எப்படி எழுதுவது, எதைக் காட்டுவது?

பொங்கோல்_தமிழ் எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு ஃபேஸ்புக் பக்கமும் ஒரு பெரிய வாட்ஸ்அப் குழுவும் நடத்துகிறோம். இன்று காலை விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றி வந்த லாரி கவிழ்ந்தது. பின்னால் வந்த இன்னொரு லாரியிலிருந்த ஒரு தம்பி எடுத்த காணொளி எனக்கு வந்திருக்கிறது. நீளம் 1 நிமிடம் 10 வினாடி. முதல் 20 வினாடியில் கவிழ்ந்த லாரியும் ஓடிவரும் ஆட்களும் தெரிகிறார்கள். அப்புறம் ஒருவர் சாலையில் கிடக்கிறார், கூட வேலை செய்பவர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். கடைசியில் ஆம்புலன்ஸ் வருகிறது.

சரக்கு லாரியின் பின்னால் ஆட்களை உட்கார வைத்து அனுப்புவது இங்கே நிபந்தனைகளோடு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அது மாற வேண்டும் என்று பேசவே இதைப் போட நினைக்கிறேன். நான் எழுதி வைத்திருக்கும் எச்சரிக்கை இது:

"எச்சரிக்கை!! இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம். நெஞ்சை உலுக்கும் காட்சி. லாரி ஓட்டுநரின் அலட்சியத்தால் நேர்ந்த கொடூரம்."

இது போதுமா? வேறு என்ன சேர்க்கலாம்?

---

ஜூரோங்_குமரன் எழுதியது:

ப்ரோ, எச்சரிக்கை போட்டுட்டீங்கன்னா உங்க கடமை முடிஞ்சுது. அதுக்கப்புறம் பாக்குறது அவங்கவங்க விருப்பம். ஆனா கீழே கிடக்குறவரோட முகத்தைக் கண்டிப்பா மறைங்க. இல்லேன்னா தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்துல மாட்டிக்குவீங்க. முகத்தை மறைச்சு, மேல எச்சரிக்கை போட்டா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது.

---

படமேசை_ஓய்வு எழுதியது:

நான் பல வருடம் நாளிதழ் ஒன்றில் படத்தேர்வு மேசையில் வேலை பார்த்தவன். பொங்கோல் தமிழ், உங்கள் நோக்கம் நல்லது. ஆனால் நீங்கள் எழுதிய எச்சரிக்கை, உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்கிறது.

"நெஞ்சை உலுக்கும்" என்று படித்தால் வாசகருக்கு என்ன தெரியும்? ரத்தம் இருக்கிறதா, யாராவது இறப்பது தெரிகிறதா, அலறல் கேட்குமா, ஒன்றும் தெரியாது. போன மாதம்தான் அண்ணனை விபத்தில் இழந்த ஒருவருக்கு அந்த வரியை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. மற்றவர்களையோ அந்த வரியே உள்ளே இழுக்கும். கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் அப்படியே எழுதுங்கள். "கவிழ்ந்த லாரி தெரியும். அடிபட்டு அசையாமல் கிடப்பவர் தெரிவார். உடன் இருப்பவர்கள் அழுவது கேட்கும்." இவ்வளவுதான். உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட வேண்டாம்.

ஆனால் எச்சரிக்கைக்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது. மேசையில் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி இது: இந்தப் பகுதியை எடுத்துவிட்டால் வாசகருக்கு எது தெரியாமல் போகும்? உங்கள் பேச்சு லாரியின் பின்தளம் பற்றியது. முதல் 20 வினாடியில் அது தெரிகிறது: கூரை, பக்கக் கம்பி, பிடிமானமே இல்லாத தளம். நடுவில் ஒருவர் கிடக்கும் பகுதி, உங்கள் வாதத்துக்கு எதையும் சேர்க்கவில்லை. அதை வெட்டிவிட்டால் எச்சரிக்கையில் பாதி தேவைப்படாது.

குமரன் தம்பி, முகத்தை மறைக்கச் சொன்னது சரி. சட்டம் பற்றிச் சொன்னதில் பாதிதான் சரி. நீங்கள் சொல்லும் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது. தனி ஆள் சொந்த முறையில் செய்வதற்கு அது பொருந்தாது. அமைப்பாகப் பக்கம் நடத்தினால் நிலைமை வேறு, அதை விசாரித்துக்கொள்ள வேண்டும். இங்கே எனக்குப் பெரிதாகத் தெரிவது "ஓட்டுநரின் அலட்சியத்தால்" என்ற வரிதான். டயர் வெடித்ததா, வேறு வண்டி குறுக்கே வந்ததா, இன்று காலை நடந்ததற்கு இன்று மாலைக்குள் யாருக்குத் தெரியும்? அவரும் ஊழியர்தான், ஒருவேளை அவரும் ஆஸ்பத்திரியில் இருக்கலாம். வழக்கு என்று வந்துவிட்டால், தீர்ப்புக்கு முன்பே பழியை முடிவு செய்யும் எழுத்து 2016-இல் வந்த நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் சிக்கலாகலாம். "லாரி கவிழ்ந்தது. காரணம் இன்னும் அறிவிக்கப்படவில்லை" என்று எழுதினால் உங்கள் கோரிக்கையின் வலிமை கொஞ்சமும் குறையாது. ஓட்டுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பின்தளத்தில் இருக்கை வாரை மாட்ட முடியாது என்பதுதானே உங்கள் வாதம்?

---

காரைக்குடி_துவாஸ் எழுதியது:

முகத்தை மறைச்சா போதும்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும் அண்ணே.

எங்க சித்தி மகன் இங்கதான் வேலை பார்த்தாரு. அவருக்கு வேலையிடத்துல அடிபட்டுச்சு. யாரோ போன்ல எடுத்துட்டாங்க, முகத்துல வட்டமா மறைச்சும் இருந்தாங்க. ஆனா போட்டிருந்த சட்டை சித்தி எடுத்துக் குடுத்தது. பக்கத்துல கிடந்த பை ஊர்ல வாங்கினது. இங்க காலைல ஏழரைன்னா ஊர்ல அஞ்சு மணி. கோலம் போட எந்திரிச்ச சித்தி ஊர் வாட்ஸ்அப் குழுவுல அதைப் பார்த்துட்டாங்க. கம்பெனியில இருந்து போன் அப்புறம்தான் வந்துச்சு.

அதுல எழுதியிருந்தது "சிங்கப்பூரில் தமிழருக்கு நேர்ந்த கோரம்" அவ்வளவுதான். உயிரோட இருக்காரா இல்லையான்னு ஒரு வார்த்தை இல்ல. அவருக்கு உடைஞ்சது கால். ஆனா மதியம் வரைக்கும் எங்க தெருவுல எழவு வீடு மாதிரி அழுதுட்டு இருந்தாங்க. இப்ப அவரு நல்லா இருக்காரு, ஊர்ல கடை வச்சிருக்காரு. சித்திக்கு மட்டும் இன்னும் விடியக்காலைல போன் சத்தம் கேட்டா உடம்பு நடுங்கும்.

அதனால முகத்தைவிட முக்கியமா பெயரைச் சொல்லிக் கத்துறாங்கன்னு சொன்னீங்களே, அதைப் பாருங்க. பெயர் கேட்டா முகம் எதுக்கு?

---

படமேசை_ஓய்வு எழுதியது:

காரைக்குடித் தம்பி சொன்னதை எல்லாரும் இரண்டு முறை படியுங்கள். ஒலிதான் பலரும் மறக்கும் இடம். படத்தை மறைக்கப் பாடுபட்டுவிட்டு ஒலியை அப்படியே விட்டுவிடுவார்கள். இந்தக் காணொளியை ஒலி இல்லாமல்தான் போட வேண்டும். ஒலியளவைக் குறைப்பது போதாது, ஒலித்தடத்தையே நீக்க வேண்டும்.

மறைப்பது பற்றியும் கொஞ்சம். அசையும் படத்தில் முகத்தின் மேல் வைத்த மறைப்பு, ஆள் திரும்பும்போதோ கேமரா ஆடும்போதோ சில படச்சட்டங்களில் நழுவிவிடும். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது, நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் முகம் அப்படியே இருக்கும். அதனால் போடுவதற்கு முன் ஒவ்வொரு படச்சட்டமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். வண்டி எண், கதவில் எழுதியிருக்கும் நிறுவனப் பெயர், சட்டை முதுகில் உள்ள சின்னம் இவற்றுக்குக் கட்டம் கட்டமாகக் கலங்கலாக்கும் மறைப்பை நம்பாதீர்கள், பெரிய எழுத்துகளை அதற்குள்ளிருந்தும் ஊகிக்க முடியும். கைப்பேசியில் மார்க்கர் பேனாவால் கறுப்பாகத் தீட்டுகிறார்களே, அதில் சில பேனாக்கள் உள்ளே தெரியும் வகை. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். நிறம் நிரப்பிய முழுக் கட்டம்தான் பாதுகாப்பு. அதைவிட நல்லது, அந்த ஓரத்தையே வெட்டிவிடுவது.

எச்சரிக்கையில் முடிவையும் சொல்ல வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் 2025 ஜூலை 26 தஞ்சோங் காத்தோங் சாலை. தரை உள்வாங்கி ஒரு கார் குழிக்குள் போனது, பக்கத்து வேலையிடத்தில் இருந்த நம் ஊழியர்கள் கயிறு போட்டு அந்தப் பெண்மணியைத் தூக்கினார்கள். ஒரே காட்சி எத்தனை விதமாகச் சுற்றியது என்று நினைத்துப் பாருங்கள். "கார் குழிக்குள் விழும் அதிர்ச்சிக் காட்சி" என்று போட்டால் பார்ப்பவர் ஒரு சாவை எதிர்பார்த்துப் பார்க்கிறார். "காரில் இருந்தவர் உயிருடன் மீட்கப்பட்டார். கார் விழுவதும் ஊழியர்கள் அவரைத் தூக்குவதும் இதில் தெரியும்" என்று போட்டால் அதே காட்சியைத் தெளிவான மனதோடு பார்க்கலாம். முடிவு உறுதியாகத் தெரிந்தால் முதல் வரியிலேயே சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரியாது என்பதையும் எத்தனை மணி நிலவரம் என்பதையும் போடுங்கள்.

---

ஓவன்ரோடு86 எழுதியது:

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. நியூ வோர்ல்ட் ஹோட்டல் இடிந்த படங்கள் அப்பாவின் பெட்டியில் இருக்கின்றன. 1986 மார்ச் 15. சிராங்கூன் சாலையில் ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. 33 பேர் போய்விட்டார்கள், 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த நிபுணர்கள்கூட இறங்கி உதவினார்கள் என்று அப்பா சொல்வார். அந்தப் படங்களைப் போட எச்சரிக்கை வேண்டும் என்கிறீர்களா? இத்தனை வருடம் ஆன பிறகும் சட்டம் தடுக்கிறதா? வரலாற்றுக்கும் எச்சரிக்கை போட ஆரம்பித்தால் எதையுமே காட்ட முடியாதே.

---

பொங்கோல்_தமிழ் எழுதியது:

அண்ணே, தடுப்பது பற்றி இங்கே யாரும் பேசவில்லை. இன்று நடந்த விபத்தை எப்படி எழுதிக் காட்டுவது என்றுதான் கேட்டேன். உங்கள் படங்களில் என்ன இருக்கிறது?

---

ஓவன்ரோடு86 எழுதியது:

பெரும்பாலும் இடிபாடு, பாரந்தூக்கி, கூட்டம். ஒன்றில் மட்டும் தூக்குப்படுக்கையில் போர்வை போர்த்தி ஒருவரைக் கொண்டுபோகிறார்கள். முகம் தெரியாது.

---

படமேசை_ஓய்வு எழுதியது:

ஓவன்ரோடு அண்ணே, இடிபாட்டுப் படங்களுக்கு எச்சரிக்கை தேவையில்லை, தேதியும் இடமும் எழுதுங்கள். தேதி இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து யாராவது அதையே "இன்று சிங்கப்பூரில்" என்று அனுப்புவார்கள். தேதியைப் படத்தின் மேலேயே பொறித்துவிடுங்கள். தூக்குப்படுக்கைப் படத்தைத் தனியாக, கடைசியில் வையுங்கள். முன்னால் ஒரு வரி போதும். அந்த 33 பேரின் பிள்ளைகள் இன்றும் இந்த ஊரில் எம்ஆர்டியில் நம் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள்.

---

இரவுப்பணி_தாதி எழுதியது:

அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு ஆய்வுகளைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2023-இல் பிரிட்ஜ்லேண்டும் அவருடன் சேர்ந்தவர்களும், எச்சரிக்கை வாசகங்கள் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். எச்சரிக்கையைப் படித்துவிட்டுப் பார்த்தவர்களுக்குக் காட்சியின் தாக்கம் குறையவில்லை. பார்ப்பதற்கு முன் உள்ள பதற்றம்தான் கூடியது. எச்சரிக்கையைக் கண்டு பெரும்பாலோர் விலகிப் போகவும் இல்லை. ஆகவே எச்சரிக்கை போட்டால் கடமை முடிந்தது என்ற குமரனின் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. யாருக்கு விலகத் தோன்றுகிறதோ அவருக்கு வழி விடுவது மட்டும்தான் அதன் வேலை. காட்சியை அது மென்மையாக்காது. மென்மையாக்குவது நீங்கள் வெட்டுவதுதான்.

இன்னொன்று, 2013 பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு செய்து 2014-இல் வெளியான ஆய்வு. முதல் வாரத்தில் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகளைத் தெரிவித்தார்கள். பார்த்ததால்தான் அழுத்தம் வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, ஏற்கனவே கலங்கியவர்கள் அதிகம் பார்த்திருக்கலாம். ஆனால் தங்குவிடுதியில் ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுத்துக்கொண்டு ஒரே காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும், மறுநாள் காலை அதே மாதிரி லாரியில் ஏறுவதும் எனக்குக் கவலை தருகிறது. உங்கள் குழுவில் இருப்பவர்கள் அவர்கள்தானே? தானாக மறுபடி மறுபடி ஓடும் வடிவத்தில் போடாதீர்கள். கீழே மனநல உதவி எண் 1771-ஐப் போடுங்கள், 24 மணி நேரமும் பேசலாம்.

---

ஜூரோங்_குமரன் எழுதியது:

சரி அக்கா, வேலை எச்சரிக்கையோட முடியலைன்னு ஏத்துக்கிறேன். ஆனா போடறதே வேஸ்ட்டுன்னு ஆகலையே? ஒருத்தர் விலகிப் போனாலும் லாபம்தான். அப்படின்னா அதை எங்க போடறதுங்கிறது முக்கியம். ஃபேஸ்புக்ல காணொளி தானா ஓட ஆரம்பிச்சுடும், மேல எழுதினதுல முதல் ரெண்டு மூணு வரிதான் தெரியும், மீதிக்கு "See more" அழுத்தணும். வாட்ஸ்அப்ல அதைவிட மோசம். எழுத்து படத்துக்குக் கீழ வருது, பாதிப் பேருக்குப் படம் தானா இறங்கி கேலரிக்கே போயிடும்.

---

படமேசை_ஓய்வு எழுதியது:

குமரன், இந்த முறை நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. அதனால் எச்சரிக்கையைக் காணொளிக்குள்ளேயே வைக்க வேண்டும். முதல் ஐந்து வினாடி கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்தில் எச்சரிக்கை. முன்னோட்டமாகப் பெரும்பாலும் முதல் படச்சட்டம்தான் தெரியும், ஆகவே அதுவும் எச்சரிக்கையாகவே இருக்கும். யாராவது உங்கள் எழுத்தை விட்டுவிட்டு காணொளியை மட்டும் அனுப்பினாலும் எச்சரிக்கை கூடவே போகும். வாட்ஸ்அப் குழுவில் செய்தியைத் தனிப் பதிவாக முதலில் அனுப்பிவிட்டு, காணொளியை அனுப்பாமல் ஃபேஸ்புக் இணைப்பை மட்டும் கொடுக்கலாம். டெலிகிராம் என்றால் படத்தை அனுப்பும்போதே "Hide with Spoiler" என்று ஒரு வசதி உண்டு, தொட்டால்தான் தெரியும்.

---

பொங்கோல்_தமிழ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 14 வினாடியாக வெட்டிவிட்டேன், ஒலித்தடத்தை நீக்கிவிட்டேன். எண்தகடும் கதவும் உள்ள இடப்பக்கத்தை முழுக்க வெட்டியாயிற்று. இப்போது எழுதியிருப்பது:

"எச்சரிக்கை: இன்று காலை விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றி வந்த லாரி கவிழ்ந்த பிறகு எடுத்த காணொளி, 14 வினாடி. கவிழ்ந்த லாரியும் உதவிக்கு ஓடுபவர்களும் தெரிவார்கள். காயமோ, அடிபட்டவரோ தெரிய மாட்டார்கள். ஒலி இல்லை. காணொளியைப் பார்க்காமல் கீழே உள்ளதை மட்டும் படித்தாலும் செய்தி முழுமையாகப் புரியும்.

மாலை 6 மணி நிலவரம்: அடிபட்டவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்கள் நிலைமை பற்றி அதிகாரபூர்வத் தகவல் இன்னும் வரவில்லை. காரணமும் அறிவிக்கப்படவில்லை. யாருடைய பெயரையும் நிறுவனத்தையும் கருத்துப் பகுதியில் எழுத வேண்டாம், எழுதினால் நீக்குவோம்.

இதைக் காட்டுவது ஏன்: லாரியின் பின்தளத்தில் இருக்கை வார் இல்லை. கவிழும்போது பிடித்துக்கொள்ளப் பக்கக் கம்பி மட்டுமே இருக்கிறது."

இதற்குக் கீழே 1771, அப்புறம் எங்கள் கோரிக்கை. இன்னும் ஏதாவது?

---

மலர்விழி_ஈசூன் எழுதியது:

எனக்கு இன்னும் ஒப்பவில்லை. இவ்வளவு வெட்டிய பிறகு அதில் மிச்சம் இருப்பது ஒரு கவிழ்ந்த லாரி. அதற்கு ஏன் இன்றைய விபத்து? நின்றுகொண்டிருக்கும் ஒரு லாரியின் பின்தளத்தைப் படமெடுத்து, இதே மூன்று பத்திகளை எழுதலாமே. உள்ளே இருந்தவர்களின் வீட்டார் ஒருவரைக்கூட யாரும் கேட்கவில்லை. இன்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஒருவரின் கைப்பேசிக்கு இது போகத்தான் போகிறது.

---

காரைக்குடி_துவாஸ் எழுதியது:

அக்கா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. எங்க சித்தியை நினைச்சா நானும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா நின்னுட்டு இருக்கிற லாரியை இந்த ஊர்ல தினமும் எல்லாரும் பாக்குறாங்களே, பக்கத்து லேன்ல கார்ல இருந்து. அது யாரையும் ஒண்ணும் பண்ணலையே. கவிழ்ந்ததைப் பாத்தாதான் நாங்க எதுல போறோம்னு தெரியும். நாளைக்குக் காலைல நானும் அதுலதான் ஏறுவேன்.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். இன்னைக்கே போடணுமா? அடிபட்டவங்க வீட்டுக்கெல்லாம் தகவல் போயிருக்கும்னு தெரிஞ்ச பிறகு, ரெண்டு நாள் கழிச்சுப் போட்டா லாரி பத்தின பேச்சு செத்தா போயிடும்?

---

படமேசை_ஓய்வு எழுதியது:

இன்று போட்டால் பத்து மடங்கு பேர் பார்ப்பார்கள், அதை மறுக்க முடியாது. மேசையில் இதே சண்டை ஒவ்வொரு முறையும் நடக்கும், ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஜெயித்ததில்லை. ஆனால் தம்பி சொல்வதன் பக்கம்தான் நான். எழுத்தை இன்றே போடுங்கள், காணொளியைக் குடும்பங்களுக்குத் தகவல் போனது உறுதியான பிறகு சேருங்கள். அதற்குள் நிலைமை பற்றிய தகவலும் வந்துவிடும், "அதிகாரபூர்வத் தகவல் இன்னும் வரவில்லை" என்ற வரியை மாற்றி எழுதலாம். பதிவைத் திருத்தும்போது திருத்திய நேரத்தைப் போட மறக்காதீர்கள்.

வார்த்தை ஒன்று: "காயமோ, அடிபட்டவரோ தெரிய மாட்டார்கள்" என்று உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு படச்சட்டமாகப் பார்த்தீர்களா? ஓடுகிறவர்களில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாலும் அந்த வரி பொய்யாகிவிடும்.

---

பொங்கோல்_தமிழ் எழுதியது:

இப்போதுதான் பார்த்தேன். ஒன்பதாவது வினாடியில் ஒருவர் தலையைப் பிடித்தபடி தடுப்புச்சுவர் ஓரமாக உட்காருகிறார். தூரத்தில்தான், ஆனால் தெரிகிறது. எட்டாவது வினாடியோடு நிறுத்திவிடுகிறேன், எச்சரிக்கையிலும் 14 என்பதை மாற்றிவிடுகிறேன். எழுத்து மட்டும் இன்றிரவு போகிறது. மலர்விழி அக்கா, படமெடுத்த தம்பி மூலமாக ஒரு குடும்பத்தாரிடமாவது கேட்க முடியுமா என்று பார்க்கிறேன். ஆனால் ஒருவர் சரி என்று, இன்னொருவர் வேண்டாம் என்றால் என்ன செய்வது?

---

மலர்விழி_ஈசூன் எழுதியது:

வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் போடாதீர்கள்.

---

காரைக்குடி_துவாஸ் எழுதியது:

அதுல எனக்கு வேற கருத்து இருக்கு அக்கா. எட்டு வினாடியில யாரும் அடையாளம் தெரியலைன்னா, அந்த லாரி எங்க எல்லாரோடதும்தான். இன்னைக்கு ராத்திரி ரூம்ல எங்க ஆளுங்ககிட்டயும் கேட்டுட்டு வந்து எழுதுறேன்.